‘ஆனா’ போடாத மெசேஜ்

பிப்ரவரி 2, ஞாயிறு

கோபமாக இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சங்ககிரியில் இன்று கல்யாணம். வேலு வேலை பார்க்கும் போர்வெல் வண்டியின் மேனேஜர் அப்புசாமியண்ணனுடைய அக்கா மகளுக்கு. (நேரில் ‘மாமா’ என்றுதான் கூப்பிடுகிறேன். இங்கே புருஷன் பெயரை எழுதுவேன். இது என் நோட்டு.) நாளைக் காலை ரிக் வண்டி சத்தீஸ்கருக்குக் கிளம்புகிறது. போனால் திரும்பி வர மழைக்காலம் ஆகிவிடும். அதனால் இன்றைக்கு எல்லோரும் சேர்ந்து போகலாம் என்று, நான் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூல் ஓனர் ருக்மணியக்காவிடம் கேட்டு, ஸ்கூல் காரை எடுத்து வந்தேன். முன்னால் நானும் வேலுவும். பின்னால் அப்புசாமியண்ணனும், வேலுவின் அக்கா, அதாவது என் நங்கையா, தனலட்சுமியும். தனம் நங்கையா பட்டுப்புடவை கசங்காமல் உட்கார்ந்ததில் பாதி சீட் போய்விட்டது.

வேலு ஊருக்கு வந்தால் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. மாதக்கணக்கில் வெயிலில் நின்று போர் போடுகிற மனுஷனுக்கு ஓய்வு வேண்டாமா என்று நானும் விட்டுவிடுவேன். எனக்கும் ஓட்டப் பிடிக்கும். திருச்செங்கோட்டில் பாதிப் பெண்களுக்கு வண்டி கற்றுக்கொடுத்தவள் நான்.

எங்கள் ஸ்கூல் காரில் இடப்பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் பக்கத்தில் இருக்கும் நான் மிதிப்பதற்காக வைத்தது. இன்று அந்தப் பக்கம் வேலு உட்கார்ந்திருந்தார்.

கரும்பு டிராக்டர் ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போனது. எதிரே பஸ் வெகுதூரத்தில். இடம் தாராளமாக இருந்தது. முந்துவதற்கு ஏறி டிராக்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். அப்போது வேலு அந்தப் பிரேக்கை மிதித்தார். லேசாக இல்லை, ஒரே மிதி. வண்டி ஆஃப். நாங்கள் ரோட்டின் தப்பான பக்கத்தில், நடுவில். பின்னால் வந்த டெம்போக்காரன் ஹாரனை விடவே இல்லை. ஸ்டார்ட் செய்து டிராக்டருக்குப் பின்னால் திரும்பவும் நுழைந்தேன்.

“ஏனுங்க மாமா, எதுக்குங்க மிதிச்சீங்க?”

“பொம்பளைங்க ஓட்டற வண்டில உக்காந்தா நம்ம காலு சும்மா இருக்குமா?” என்றார். சிரித்துக்கொண்டு. அப்புசாமியண்ணனும் சிரித்தார். நங்கையாவும்.

நான் சொன்னேன்: “பாலத்துச் செவுத்துல லாரிய ஏத்துனீங்களே, அன்னைக்கு எங்கீங்க போச்சு இந்தக் காலு?”

சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு வேண்டாத பாயசத்தை வழக்கமாக அவர்தான் வாங்கிக்கொள்வார். இன்றைக்கு அது இலையிலேயே கிடந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

வண்டி கிளம்பிவிட்டது.

பெட்ரோல் பங்க் பக்கத்தில் ரிக் வண்டியும், துளை போடும் கம்பிகளை ஏற்றிய ராடு லாரியும் நிற்க, பூசை போட்டார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பூசணிக்காய் உடைப்பு எல்லாம் உண்டு. வேலு ராடு லாரிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத் தட்டை என் பக்கம் நீட்டினார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தட்டையே பார்த்தேன். “போயிட்டு வர்றேன்” என்றார், நங்கையாவிடம். என்னிடம் இல்லை.

முறுக்கு டப்பாவும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுத்திருந்தேன். கொடுத்தது கோபம் இல்லாததால் இல்லை. அங்கே சமைக்கிறவர் எல்லாவற்றிலும் மிளகாயைக் கொட்டுவார், வேலுவுக்கு வயிறு தாங்காது.

அவர் போனதும் வீடு சத்தமில்லாமல் இருக்கிறது என்றெல்லாம் எழுதப்போவதில்லை. துணி துவைத்தேன். மிக்சி ஜாரின் ரப்பரை மாற்றினேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை வகுப்புக்கு மளிகைக்கடை அன்னக்கொடி வந்தார். பயம் வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொள்வார். இன்று ஆட்டுமந்தை குறுக்கே வந்தது, அதையேதான் செய்தார். என் பக்கத்துப் பிரேக்கை மெதுவாக மிதித்து நிறுத்தினேன். “திட்டுங்க டீச்சர்” என்றார். ஏன் திட்ட வேண்டும்? பயப்படுகிறவரைத் திட்டினால் அடுத்த தடவை இன்னும் கெட்டியாகக் கண்ணை மூடுவார்.

வேலுவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எப்போதும் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினதும் ஒரு போட்டோ வரும்.

சாயங்காலம் நங்கையா வந்தார். அடுத்த தெருவில்தான் வீடு. காபியைக் குடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“ஏன் யமுனா, அவன் மூஞ்சியப் பாத்தியா? ஆம்பளைய நாலு பேரு முன்னால அப்பிடிக் கேக்கலாமா? ஒரு போனப் போட்டு, தப்புங்க, காலத் தொட்டுக் கேக்கறேன், மன்னிச்சுப்போடுங்கன்னு சொல்லு. முடிஞ்சுது.”

“அவரு மிதிச்சதுக்கு யாருங்க நங்கையா மன்னிப்புக் கேக்கறது? வண்டி நடு ரோட்டுல நின்னுதே. பஸ் வந்திருந்தா பட்டுச்சேலையும் நீங்களும்?”

“அது வேற.”

வேறதான். அந்த வேறயைத்தான் நானும் சொல்கிறேன். நான் பேசியது ஒன்று, அவர் செய்தது ஒன்று. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டு என் தலையில் ஏற்றினால் தூக்க மாட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

ஒன்றும் வரவில்லை. நான் ஒன்றும் காத்திருக்கவில்லை. போனை வண்டி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டது வழி பார்க்க.

(திருச்செங்கோட்டில் எனக்கு எதற்கு வழி என்று ருக்மணியக்கா கேட்டார்.)

பிப்ரவரி 6, வியாழன்

இன்று அம்மா கூப்பிட்டது.

“அம்முணி, கேஸ் தீந்துபோச்சு. உங்கொப்பன்கிட்ட சொல்லு.”

வெளியாருக்கு இது புரியாது. எனக்கே இன்றுதான் எழுதும்போது உறைக்கிறது. அம்மா ஈரோட்டில் சமையலறையில் இருக்கிறது. அப்பா அதே வீட்டில் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு சுவர்கூடக் கிடையாது, திரைதான். அம்மா திருச்செங்கோட்டில் இருக்கும் எனக்குப் போன் போட்டுச் சொல்லும். நான் அப்பாவுக்குப் போன் போட்டு, “கேஸ் தீந்துபோச்சுங்கப்பா” என்பேன். அப்பா “பதிஞ்சாச்சுன்னு சொல்லு” என்பார். நான் திரும்ப அம்மாவுக்கு.

என் அண்ணன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரை யார் போய் அழைப்பது என்பதில் சின்னதாக ஒரு பேச்சு. அப்பா என்னவோ சொன்னார். அம்மா என்னவோ சொன்னது. என்னவென்று இன்றைக்கு இரண்டு பேருக்குமே சரியாக ஞாபகம் இல்லை. நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ‘அவரு மொதல்ல பேசட்டும்’ ‘அவ மொதல்ல பேசட்டும்’ என்று நின்றது அப்படியே இறுகிப்போனது. அண்ணன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

வேலு விஷயத்தையும் அம்மாவிடம் சொன்னேன். உடனே வந்தது யோசனை.

“நீயா எறங்காத கண்ணு. ஒருவாட்டி எறங்குனா ஆயுசுக்கும் எறங்கோணும். அவரே வரட்டும்.”

“அம்மா, இப்ப உன்ற நெலமைல நீ எனக்கு இந்த ரோசனை சொல்றியா?”

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. பிறகு, “கேஸ சொல்லிர்றியா?” என்றது.

“சொல்ல மாட்டேன். பத்தடி நடந்து போயி நீயே சொல்லு.”

போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் மிஸ்டு கால். அதையும் எடுக்கவில்லை. இனி அந்த வீட்டுக்கு நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கிடையாது. பச்சைத் தண்ணீர் குடித்தாவது பிழைக்கட்டும்.

நங்கையா காலில் விழச் சொல்கிறார். அம்மா வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறது. இரண்டும் எனக்கு வேண்டாம். நான்தான் முதலில் பேசப்போகிறேன். நிமிர்ந்து நின்றுதான் பேசப்போகிறேன். அது முடியுமா என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்க்கலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

முதலில் குரலில் பேசி அனுப்பலாம் என்று பதிவுகூடச் செய்துவிட்டேன். கேட்டுப் பார்த்தேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, அழித்தேன். குரல் மட்டும் காரணம் இல்லை. ரிக் வண்டியில் இப்போது வேலுவின் போன்தான் பாட்டுப் பெட்டிக்கு இணைப்பு. போன வருஷம் அப்படி இணைத்திருந்த வெல்டர் ஒருவரின் போனுக்கு அவர் சம்சாரம் “ஏஞ் சாமி, சாப்ட்டியா” என்று அனுப்பியது கேபின் ஸ்பீக்கரில் அத்தனை பேர் காதிலும் விழுந்து, அந்த மனுஷனுக்குப் பயணம் முடியும்வரை ‘ஏஞ் சாமி’ என்றே பேர் ஆகிப்போனது. எல்லோர் முன்னாலும் பட்ட அவமானத்துக்கு எல்லோர் முன்னாலும் சமாதானம் போனால், அது இன்னொரு அவமானம். எழுத்துதான் சரி. தனியாகப் போய்ப் படித்துக்கொள்ளலாம். இரண்டாம் தடவையும் படிக்கலாம்.

ருக்மணியக்கா சுலபமாக ஒரு வழி சொன்னார். “ரோஜாப்பூப் படம் போட்டு இனிய காலை வணக்கம் அனுப்பு. அவரு கைகூப்பிப் படம் அனுப்புவாரு. அப்பிடியே பேச்சு வந்துரும்.”

வந்துவிடும்தான். எங்கள் ஊரில் முக்கால்வாசிக் குடும்பம் அப்படித்தான் ஓடுகிறது. சாப்பிட்டீங்களா, சாப்ட்டேன், மழையா, வெயில். ஆனால் பாலத்துப் பேச்சு அடியிலேயே கிடக்கும். அடுத்த சண்டையில் மேலே வரும்.

ஆகவே மத்தியானம் வகுப்பு இல்லாத நேரத்தில், காரை வேப்பமர நிழலில் நிறுத்தி எழுத உட்கார்ந்தேன். எழுதினது எல்லாம் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஒன்று. நங்கையா சொன்ன மாதிரியே: ‘எல்லாம் எந் தப்புதாங்க மாமா. எனக்குப் புத்தியே இல்ல. நான் உங்களுக்கு ஏத்தவளே இல்ல. மன்னிச்சிருங்க.’

பொய். எல்லாம் என் தப்பு இல்லை. எனக்குப் புத்தி இருக்கிறது. இதைப் படித்தால் வேலு என்ன செய்வார்? “சேரி சேரி, உடு, அழுகாத” என்பார். காயப்பட்டவர் அவர், தேற்றுகிற வேலையும் அவருக்கே. இதைவிட மோசமான மன்னிப்பு உண்டா?

இரண்டு: ‘நான் பேசுனது தப்புதான், ஆனா நீங்க பிரேக்க மிதிச்சது மட்டும் சரியா?’

‘ஆனா’ வந்ததும் அதற்கு முன்னால் எழுதினது அத்தனையும் செத்துப்போகிறது. படிக்கிறவர் கண் ‘ஆனா’வுக்குப் பின்னாலிருந்துதான் ஆரம்பிக்கும். நானாக இருந்தாலும் அப்படித்தான்.

மூன்று: ‘நான் சொன்னது உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்துச்சுன்னா சாரி.’

இருந்துச்சுன்னாவா? பாயசத்தைத் தொடாமல் எழுந்த மனுஷனிடம் போய்க் கஷ்டமா இருந்ததா என்று சந்தேகம் கேட்கிறதா?

நான்காவதை எழுதும் முன் அன்னக்கொடி வந்து கண்ணாடியைத் தட்டினார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இன்றைக்கு அவர் கண்ணை மூடவில்லை. அதற்குப் பதிலாகக் கத்தினார். முன்னேற்றம்தான்.

பிப்ரவரி 8, சனி

கோபத்தில் எழுதக் கூடாது என்று துணியெல்லாம் மடித்து, பாத்ரூம் கழுவி, பிறகு உட்கார்ந்தேன். முதலில் என்னையே கேட்டேன். எதற்கு நான் நிஜமாகவே வருந்துகிறேன்?

திருப்பிக் கேட்டதற்கு இல்லை. அதை மறுபடியும் கேட்பேன். சத்தமாகப் பேசினதற்கும் இல்லை. பாலத்தை எடுத்ததற்கு. இரண்டு வருஷத்துக்கு முன் மத்தியப் பிரதேசத்தில் ராடு லாரி பாலத்துக் கட்டைச்சுவரை இடித்துக்கொண்டு நின்றது. முன்சக்கரம் அந்தரத்தில். கீழே தண்ணீர் இல்லாத ஆறு, முழுக்கப் பாறை. யாருக்கும் அடி இல்லை. ஓட்டினது வேலு. ஊருக்கு வந்து என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார், அதுவும் என் முகத்தைப் பார்க்காமல். அதற்கப்புறம் டிரைவர் வேலையை விட்டு, மெஷினில் துளை போடும் டிரில்லர் ஆகிவிட்டார். அதில் சம்பளம் கூட என்றார். என்னை நம்பிச் சொன்ன ஒன்றை எடுத்து, அவருடைய மேனேஜர் காதில் படும்படி அவர் மேலேயே எறிந்தேன். எங்கே வலிக்கும் என்று தெரிந்து எறிந்தேன். தப்பு அதுதான். அந்த அளவுதான். அதற்கு மேல் ஒரு கைப்பிடிகூடக் கிடையாது.

எழுதினேன்:

‘மாமா, கார்ல நான் பாலத்தப் பத்திப் பேசுனது தப்பு. அது உங்களுக்கு எவ்வளவு பெரிய விசயம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பேசினேன், அதுவும் அப்புசாமியண்ணன் முன்னால. அதுக்கு சாரி. இனி எந்தச் சண்டைலயும் அத எடுக்க மாட்டேன்.

பிரேக் விசயத்துல எனக்குக் கோவம் இன்னும் இருக்குது. அதத் தனியாப் பேசிக்கலாம். அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடல.

நீங்க எங்கிட்டச் சொல்லாம வண்டி ஏறுனது எனக்கு ஒரு மாதிரியாவே இருக்குது. தோணறப்பக் கூப்பிடுங்க. அவசரமில்ல.’

நடுவில் இருக்கும் கோபத்தை எழுதலாமா என்று ரொம்ப நேரம் பார்த்தேன். எடுத்துவிட்டால் மெசேஜ் இன்னும் மெத்தென்று இருக்கும். ஆனால் மறைத்தால், பிறகு ஒருநாள் “நீதான் அன்னைக்கே சாரி சொன்னியே” என்று வரும். அது இருந்தால்தான் முதலில் சொன்ன சாரியும் நிஜம் என்று தெரியும். பயந்து சொல்லவில்லை, தப்பு என்று பட்டதால் சொல்கிறேன். ‘அவசரமில்ல’ மட்டும் சுத்தப் பொய். அதை விட்டுவைத்தேன். அவசரம் எனக்கு, அதை அவர் சுமக்க வேண்டியதில்லை.

அழுகிற பொம்மை, கைகூப்பின பொம்மை ஒன்றும் போடவில்லை.

எப்போது அனுப்புவது? போர் ஓடிக்கொண்டிருந்தால் கம்ப்ரெசர் சத்தத்தில் ஒன்றும் தெரியாது, கையெல்லாம் சேறு. ஒரு குழி முடித்து, குளித்து, சாப்பிட்டு, கட்டிலில் சாய்கிற நேரம்தான் மனுஷன் மனுஷனாக இருப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னால் அனுப்பினேன். விரல் ஒரு நிமிஷம் நின்றது, அப்புறம் அமுக்கியது.

ஒரு டிக். அங்கே சிக்னல் இல்லை போல.

பிப்ரவரி 9, ஞாயிறு

இரண்டு டிக். நீலம் இல்லை.

நங்கையா வந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“இதுல எங்கடி மன்னிப்பு இருக்குது? கோவம் இருக்குதுன்னு வேற எழுதியிருக்கறே! ஆனாப் பாலத்துக்குச் சாரி சொல்லிப்போட்ட. எறங்குனதும் எறங்குன, முழுசா எறங்கக் கூடாதா?”

“நான் எறங்கவே இல்லீங்க நங்கையா. பக்கத்துல போயி நின்னிருக்கறேன். அவ்வளவுதான்.”

“பாத்தீங்களான்னு இன்னொண்ணு அனுப்பி உடட்டுமா?”

போனை வாங்கிக்கொண்டேன். ஒரு தடவை சொன்னதைச் சொல்லியாயிற்று. பின்னாலேயே ‘?’, ‘என்னாச்சு’, ‘கோவமா’ என்று வரிசையாக அனுப்பினால், முதலில் எழுதின ‘அவசரமில்ல’வுக்கு என்ன மரியாதை? தட்டிவிட்டு வாசலில் நிற்கிறேன். கதவை உடைக்க மாட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

நீலம். காலையிலேயே.

பதில் இல்லை.

பிப்ரவரி 10, அதே நாள் சாயங்காலம்

இன்னும் இல்லை. படித்துவிட்டார். படித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். நான் அத்தனை மெனக்கெட்டு ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்து எழுதினதை, ஏதோ கரண்ட் பில் செய்தி மாதிரிப் படித்துவிட்டு வைத்துவிட்டார்.

எழுதினேன்: ‘நான் எழுதுனதே பெருசு. இனி உங்க இஷ்டம்.’ எழுதிக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அழித்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் அதுதான் நிஜம். அவர் பேசாவிட்டால் என்ன ஆகும் என்று இல்லை. இப்படியே பேசாமல் இருக்கவும் பழகிவிடுமே என்று. ஈரோட்டு வீட்டிலும் முதல் வாரம் இப்படித்தான் இருந்திருக்கும். யாரும் ஆயுசுக்கும் பேசக் கூடாது என்று முடிவு செய்து ஆரம்பித்திருக்க மாட்டார்கள்.

அப்படி ஆனாலும் நான் எழுதினதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுக்க மாட்டேன். சாரியையும் எடுக்க மாட்டேன், கோபத்தையும் எடுக்க மாட்டேன். இரண்டும் என்னுடையது.

பிப்ரவரி 11, செவ்வாய்

பதில் வந்தது!

அன்னக்கொடி ஓட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. ஓரங்கட்டச் சொல்லிப் படித்தேன். வேலு இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால்கூட இல்லை. அப்படியே எழுதுகிறேன்:

‘யமுனா. நேத்தே படிச்சேன். என்ன எழுதறதுன்னு தெரியல. நீ அழுது எழுதியிருந்தா சேரி உடுன்னு போட்டு முடிச்சிருப்பேன். இது அப்பிடி முடியாதாட்ட இருக்குது.

பிரேக்க நான் மிதிக்கல. காலு தானாப் போயிருச்சு. நீ ஓட்டறதுனால இல்ல. பாலத்துக்கு அப்பறம் யாரு ஓட்டுனாலும் போகுது. பஸ்ல போனா முன் சீட்டுக் கம்பிய மிதிக்கறேன். அப்புசாமியண்ணனுக்குத் தெரியும். கேபின்ல என்னைப் பின்னாலதான் படுக்க வெப்பாரு. டிரில்லருக்குச் சம்பளம் கூடன்னு உங்கிட்டச் சொன்னது பொய். லாரிய எடுக்க முடியல, அதான்.

பொம்பளைங்க ஓட்டறதுன்னு சொன்னது அத மறைக்கறதுக்கு. அது தப்பு. நீ நல்லா ஓட்டுவே.’

அன்னக்கொடி கேட்டார், “டீச்சர், ஏனுங்க அழுகறீங்க?” தூசி என்றேன். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது.

இரண்டு வருஷமாக, ஊருக்கு வரும்போதெல்லாம் அவரைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். கற்றுக்கொள்ள வருகிறவர்களின் கால் எங்கே போகிறது, கை எங்கே நடுங்குகிறது என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. வீட்டு ஆள் காலை நான் பார்க்கவில்லை.

திரும்ப எழுதினேன். இந்தத் தடவை யோசிக்கவே இல்லை: ‘தெரியாமப் போச்சுங்க மாமா. இப்பத் தெரியும். கூப்பிடுங்க.’

உடனே கூப்பிட்டார். பின்னால் கம்ப்ரெசர் இரைச்சல். “முறுக்கு நமுத்துப்போச்சா?” என்றேன். “அப்புசாமியண்ணன் அன்னைக்கே தீத்துப்போட்டாரு” என்றார். அப்புறம் கேட்டேன்.

“ஏனுங்க மாமா, என்றகிட்டச் சொல்றதுக்கு என்னுங்க?”

“நீ ஊருக்கே வண்டி சொல்லிக் குடுக்கறவ. உன்றகிட்டப் போயி, லாரிக்காரன் எனக்கு வண்டின்னா பயம்னு எப்பிடிச் சொல்றது?”

“இப்பச் சொன்னீங்களே.”

“நீ மொதல்ல உன்றதச் சொன்ன. நான் மட்டும் மறைச்சா அசிங்கமா இருக்குதுல்ல.”

எனக்கு ஏதேதோ சொல்ல வந்தது. சொல்லுமுன் அவரே, “ஆனா ஒண்ணு யமுனா, அன்னைக்குப் பஸ்ஸு கிட்டத்துலதான் இருந்துச்சு” என்றார்.

“எங்கீங்க கிட்ட? பெரிய புளியமரத்துக்கும் அந்தாண்ட இருந்துச்சு!”

“மரத்துக்கு இந்தாண்ட.”

“மாமா, நான் ஸ்டியரிங்கப் புடிச்சிருந்தேன். நீங்க கண்ண மூடியிருந்தீங்க.”

“மூடல!”

இது போய்க்கொண்டே இருந்தது. அப்புசாமியண்ணனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அண்ணன் பின்னாலிருந்து, “எனக்கு ரெண்டு பேருமே வேணுமப்பா, நான் தூங்கிட்டு இருந்தேன்” என்று கத்தியது எனக்கே கேட்டது. நான் விடவில்லை. அவரும் விடவில்லை. போன் சூடாகிவிட்டது. சண்டை போடுவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் சண்டை என்றால் சத்தம் நின்றுபோவது என்றுதான் நான் வளர்ந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

எல்லைப் போட்டோ இன்றைக்கு வந்தது, பழசு. ‘அன்னைக்கே எடுத்தேன்’ என்று கீழே எழுதியிருந்தார்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் வேலு கூப்பிட்டார். குழி முடிந்து குளித்துவிட்டு. சுற்றிச் சுற்றிப் பேசினார். தண்ணீர் எந்த ஆழத்தில் வந்தது, அங்கே குளிர், டிராக்டர் வாடகை. விஷயம் அது இல்லை என்று தெரிந்தது, பேசாமல் கேட்டேன்.

“மழைக்கு ஊருக்கு வர்றப்ப,” என்றார், “விடியால ரோட்டுல கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து, நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுமா? நீ பக்கத்துல உக்காந்துக்கோ.”

என் வாயில் வந்தது அழுகைதான். அதை விழுங்கிவிட்டு இன்ஸ்ட்ரக்டர் குரலில் சொன்னேன்.

“உக்காந்துக்கறேன். ஆனாச் சிரிச்சு மழுப்பக் கூடாது. பயமா இருந்தா பயமா இருக்குதுன்னு சொல்லோணும். நான் சொல்ற எடத்துல நிறுத்தோணும்.”

“சேரிங்க டீச்சர்.”

சிரித்தார். நானும்தான்.

சாயங்காலம் நங்கையா வந்தார். தம்பி போன் பண்ணியிருக்கிறான், குரலே மாறியிருக்கிறது, யாரோ காதில் தேன் ஊற்றின மாதிரிப் பேசுகிறான் என்றார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நீ மெசேஜு போட்டது நம்மளுக்குள்ளதான. மொதல்ல எறங்கி வந்தது அவன்தான்னு வெச்சுக்கலாம். ஊருல கேட்டா அப்பிடியே சொல்லிக்கலாம்.”

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். என் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார். காப்பாற்ற அது ஒன்றும் கீழே விழவில்லை.

“இல்லீங்க நங்கையா. மொதல்ல பேசுனது நான். ஊருல யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்லுங்க. அவரு மொதல்லன்னு யாராச்சும் சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”